மைக் கைமாறும் அந்தப் பத்து விநாடி

குழுவாக ப்ராஜெக்ட் பிரசன்டேஷன் செய்யும் மாணவர்களிடம் ஒத்திகை பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தோம் என்றுதான் சொல்வார்கள். எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டிலோ விடுதியிலோ படித்துப் பார்த்திருப்பார்கள். முந்தின நாள் மாலை, பஸ் வருவதற்குள் ஒருமுறை எல்லோரும் கூடியிருப்பார்கள். அப்போதும் ஒருவர் முடித்ததும் "சரி, இதுக்கப்புறம் நீ பேசிடுவ" என்று சொல்லி அந்த இடத்தைத் தாண்டியிருப்பார்கள். மேடையில் தடுமாறுவது பெரும்பாலும் அந்தத் தாண்டிய இடத்தில்தான். பேச்சு தெரியாததால் அல்ல. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியை யாரும் ஒருமுறைகூடச் செய்து பார்க்காததால்.

நெம்மேலி வட்டாரத்திலிருந்தே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்த ஊரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருப்பதால், வேதியியல், இயற்பியல், பொருளியல் என்று எந்தத் துறை மாணவரும் இதை ப்ராஜெக்ட்டாக எடுக்க முடியும். நான்கு பேர் கொண்ட ஒரு குழு, பேச 12 நிமிடம், கேள்விகளுக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள், சென்னைக்கு ஏன் கடல்நீர் தேவைப்பட்டது என்று சொல்கிறார். இரண்டாம் ஆள், கடலிலிருந்து நீரை எடுத்து மண்ணும் பாசியும் நீக்கும் முன்சுத்திகரிப்பைச் சொல்கிறார். மூன்றாம் ஆள், உப்பைப் பிரிக்கும் சவ்வைப் பற்றிப் பேசுகிறார். நான்காம் ஆளுக்கு, மிஞ்சும் உவர்நீர், மின்செலவு, கரையோர மக்களின் கவலை ஆகியவற்றோடு முடிவுரையும்.

பொதுவாக நடக்கும் கணக்கு இது: பன்னிரண்டை நான்கால் வகுத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம். இந்த வகுத்தலிலேயே முதல் தவறு இருக்கிறது. நான்கு பேர் என்றால் மூன்று முறை மைக் கைமாற வேண்டும். ஒருவர் நகர்ந்து, மற்றவர் வந்து, ஸ்லைடு மாறி, முதல் வாக்கியம் வாயில் வருவதற்குப் பழகாத குழுவில் அரை நிமிடம்கூடப் போய்விடும். பழகிய குழுவில் பத்து விநாடி போதும். எதுவானாலும் அது பூஜ்யம் அல்ல. ஆனால் வகுத்த கணக்கில் அது பூஜ்யமாக இருக்கிறது.

முதல் முழு ஒத்திகையை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடவிட்டால் இப்படி வரலாம். முதல் ஆள் "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கி, துறைத்தலைவருக்கும் வழிகாட்டிக்கும் நன்றி சொல்லி, நான்கு பேரையும் அறிமுகப்படுத்தி, விஷயத்துக்கு வந்து முடிக்கும்போது 3:05. இடமாற 25 விநாடி. இரண்டாம் ஆள் தானும் ஒருமுறை வணக்கம் சொல்லி, பெயரும் வகுப்பும் சொல்லி, 6:50க்கு முடிக்கிறார். அடுத்த மாற்றத்தில் மைக்கை அணைத்துவிட்டுக் கொடுத்ததால் அரை நிமிடம். மூன்றாம் ஆள், இருப்பதிலேயே கடினமான பகுதி அவருடையது, நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்து 11:30க்கு நிறுத்துகிறார். கடைசி ஆள் மைக்கைப் பிடித்து நிற்கும்போது கடிகாரம் 11:50. அவருக்கு மிச்சம் பத்து விநாடி.

இந்த ஓட்டத்தைக் கவனித்தால், மூன்றாம் ஆளைத் தவிர யாரும் பெரிதாக அத்துமீறவில்லை என்பது தெரியும். முதல் ஆள் தாண்டியது ஐந்து விநாடிதான். இரண்டாம் ஆள் இருபது விநாடி. ஆனால் சின்னச் சின்னத் தாமதங்கள் எல்லாம் கடைசியில் நிற்பவர் தலையில்தான் இறங்கும். இந்தத் தலைப்பில் கேள்வி கேட்பவர்கள் தேடிவருவது நான்காம் ஆளின் பகுதியைத்தான். உவர்நீர் மீண்டும் கடலில் கலந்தால் மீனுக்கு என்ன ஆகும், ஆலைக்குப் பக்கத்திலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிப்பு பற்றி எழுப்பிய புகாருக்கு என்ன பதில் என்றுதான் கேட்பார்கள். அதைச் சொல்லாமலே குழு இறங்கிவிடும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 12 நிமிடத்தில் கடைசி அரை நிமிடத்தை யாருக்கும் தராமல் ஒதுக்கிவிடுங்கள். மூன்று மாற்றங்களுக்குப் பத்துப் பத்து விநாடி வீதம் இன்னொரு அரை நிமிடம். மிஞ்சும் 11 நிமிடத்தைச் சமமாகப் பிரிக்காமல், விஷயத்தின் எடைக்கு ஏற்பப் பிரியுங்கள். பின்னணி சொல்லும் முதல் ஆளுக்கு 2 நிமிடம், மற்ற மூவருக்கும் தலா 3 நிமிடம். இப்போது "உனக்கு மூன்று நிமிடம்" என்று சொல்வதை விட்டுவிட்டு, கடிகார நேரமாக மாற்றிச் சொல்லுங்கள். முதல் ஆள் 2:00க்கு முடிக்கிறார். இரண்டாம் ஆள் 2:10க்குத் தொடங்கி 5:10க்கு முடிக்கிறார். மூன்றாம் ஆள் 5:20இலிருந்து 8:20 வரை. நான்காம் ஆள் 8:30இலிருந்து 11:30 வரை.

இப்படி மாற்றுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. மூன்று நிமிடம் பேசு என்றால், பேசுபவர் தன் பகுதியை மட்டும் பார்ப்பார். 8:20க்கு முடி என்றால், தனக்கு முன்னால் பேசியவர் இழுத்த தாமதமும் தன் பொறுப்பாகிறது என்பது அவருக்குப் புரியும். 5:40க்குத்தான் மைக் கைக்கு வந்தது என்றால், இருபது விநாடியைத் தன் பகுதியிலேயே குறைக்க வேண்டும். அதை மேடையில் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. எனவே ஒவ்வொருவரும் தன் பேச்சில் விட்டுவிடக்கூடிய ஒரு பத்தியை முன்கூட்டியே பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்தியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். அது கடைசியில் இருக்கக் கூடாது, நடுவில் இருக்க வேண்டும். கடைசியில் இருந்தால், அதை விடும்போது அடுத்தவரை அழைக்கும் வாக்கியமும் சேர்ந்து போய்விடும். மூன்றாம் ஆளின் பேச்சில் சவ்வு எந்தப் பொருளால் ஆனது என்ற விளக்கத்தை விடலாம். அழுத்தம் ஏன் தேவை என்பதை விடவே கூடாது.

அடுத்தவரை அழைக்கும் வாக்கியம் என்றேனே, ஒத்திகையின் உயிர் அதில்தான் இருக்கிறது. வழக்கமாகக் கேட்பது, "இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன், அடுத்து என் நண்பர் பேசுவார்" என்பது. இது எந்தக் குழுவுக்கும், எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்பதே அதன் குறை. கேட்பவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை; பேச்சு இரண்டு துண்டாக அறுந்தது என்பதை மட்டும் அறிவிக்கிறது. நல்ல கைமாற்றத்தில் முன்னவர் ஒரு கேள்வியில் நிறுத்துவார், பின்னவர் அதற்குப் பதிலோடு தொடங்குவார்.

இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் நடுவிலுள்ள இடத்தை எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் ஆள் இப்படி முடிக்கலாம்: "மண், பாசி, சேறு எல்லாம் போய்விட்டன. தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் வாயில் வைத்தால் இன்னும் கடல்நீர்தான். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அதில் கரைந்தே இருக்கிறது. வடிகட்டியில் சிக்காத இந்த உப்பை எப்படிப் பிரிப்பது?" மூன்றாம் ஆள் வணக்கம், பெயர், வகுப்பு எதுவும் சொல்லாமல் நேரே வருகிறார்: "அழுத்தத்தால். சவ்வின் ஒரு பக்கம் கடல்நீரும் மறுபக்கம் நன்னீரும் இருந்தால், நன்னீர்தான் இயல்பாகக் கடல்நீர்ப் பக்கம் போகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தவே காற்றழுத்தத்தைப் போல 27 மடங்கு அழுத்தம் தேவை. எதிர்த்திசையில் திருப்பி அனுப்ப அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கிறார்கள்." கேட்பவருக்கு ஆள் மாறியது தெரியும், பேச்சு அறுந்தது தெரியாது.

மூன்றாவது மாற்றத்துக்கும் இதே வழி. "எடுத்த கடல்நீரில் பாதிக்கும் குறைவான பங்குதான் குடிநீராகிறது. உப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாக ஏறிய மிச்ச நீர் எங்கே போகிறது?" என்று மூன்றாம் ஆள் நிறுத்தினால், "திரும்பவும் இதே கடலுக்கு" என்று நான்காம் ஆள் தொடங்கலாம்.

இந்த வாக்கியங்களை மட்டும் எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். மற்றதை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். ஒப்பிக்கும் குரல் வந்துவிடும், நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். இந்த இணைப்பு வாக்கியங்கள் அப்படியல்ல. அடுத்தவர் இடத்தை விட்டு நகர்வதற்கான சமிக்ஞை அவைதான். "தண்ணீர் தெளிந்துவிட்டது" என்ற சொல் காதில் விழுந்ததும் மூன்றாம் ஆள் நடக்கத் தொடங்க வேண்டும். கேள்வி முடியும்போது அவர் மைக்குக்குக் கையெட்டும் தூரத்தில் இருப்பார். அன்றைக்கு இரண்டாம் ஆள் வேறு வார்த்தையில் முடித்தால், மூன்றாம் ஆள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு அரங்கில் ஒரு மௌனமும், "முடிச்சிட்டியா?" என்ற ஒரு கிசுகிசுப்பும் கேட்கும்.

இதைப் பழக முழுப் பேச்சையும் ஓட்ட வேண்டியதில்லை. முதல் கூட்டு ஒத்திகையில் இணைப்புகளை மட்டும் செய்யுங்கள். முன்னவரின் இணைப்பு வாக்கியங்கள், நடை, மைக், ஸ்லைடு, பின்னவரின் முதல் இரண்டு வாக்கியம், அங்கேயே நிறுத்தம். மறுபடி அதே இடம். ஒரு இணைப்பு அரை நிமிடம்தான் என்பதால் கால் மணி நேரத்தில் மூன்று இணைப்பையும் பலமுறை செய்துவிடலாம். கல்லூரி முடிந்து பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருக்கும் குழுவுக்கு இதுதான் கட்டுப்படியாகும் ஒத்திகை. நின்றுகொண்டு, வாய்விட்டு, கையில் மைக்குக்குப் பதில் ஒரு பேனாவையாவது வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். உட்கார்ந்து மனசுக்குள் ஓட்டினால் நடை இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை. நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும்.

இந்தச் சின்ன ஒத்திகையில் சில கேள்விகள் தானாகவே கிளம்பும். ஸ்லைடை யார் மாற்றுவது? முன்னவரே கேள்வியைக் கேட்டபடி அடுத்த ஸ்லைடைத் தட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து. பின்னவர் வந்து லேப்டாப்பைத் தேடிக் குனிந்தால், அவருடைய முதல் வாக்கியம் தரையைப் பார்த்தே வரும். மைக்கை அணைக்காமல் கொடுக்க வேண்டும். மேசை எந்தப் பக்கம், உட்காரும் வரிசை எது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பேசும் வரிசையிலேயே உட்கார்ந்து, அடுத்துப் பேசுபவர் மைக்குக்குக் கிட்ட இருக்குமாறு ஒருவர் போகப் போக நகர்ந்துகொள்ளலாம். பேசி முடித்தவர் வந்த பாதையிலேயே திரும்பினால் எதிரே வருபவரோடு முட்டிக்கொள்வார். மேடையின் மறுபக்கமாக இறங்கினால் அந்தச் சிக்கல் இல்லை.

இணைப்புகள் பழகியபின் முழு ஓட்டம். இதற்கு ஒரே விதி: நடுவில் நிறுத்தக் கூடாது. யாராவது உளறினாலும் சிரித்தாலும் கடிகாரம் ஓட வேண்டும், ஏனென்றால் அன்றைக்கும் ஓடும். நேரம் பார்ப்பவர் பேசுபவராக இருக்கக் கூடாது. அப்போது பேசாத ஒருவர் போனில் பார்த்து, ஒவ்வொருவரும் தொடங்கிய, முடித்த நேரத்தைக் காகிதத்தில் குறிக்க வேண்டும். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது "1" என்று பெரிதாக எழுதிய அட்டையைத் தூக்க வேண்டும். அட்டையைப் பார்த்ததும் "சரி" என்று தலையாட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு; அதுவும் ஒத்திகையிலேயே போய்விட வேண்டும்.

முழு ஓட்டத்தில்தான் நேரத்தைத் தவிர வேறு ஒன்றும் வெளிப்படும். தனித்தனியாகத் தயாரித்த பேச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். முதல் ஆள் ஆர்வத்தில் உவர்நீர்ப் பிரச்சினையையும் சொல்லிவிடுவார். நான்காம் ஆளுக்குப் பேச ஒன்றும் இருக்காது. முதல் ஆள் "10 கோடி லிட்டர்" என்பார், மூன்றாம் ஆள் "நூறு எம்.எல்.டி." என்பார். இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் கேட்பவர் அதை மனசுக்குள் மாற்றிப் பார்ப்பதற்குள் இரண்டு வாக்கியம் போயிருக்கும், அல்லது இரண்டாவது ஆலையின் அளவைச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார். ஒருவர் சவ்வு என்றும் இன்னொருவர் மெம்பரேன் என்றும் ஸ்லைடில் ஆர்.ஓ. என்றும் வந்தால், மூன்றும் வேறு வேறு கருவிகள் என்று நம்புபவர்களும் இருப்பார்கள். ஸ்லைடு ஆங்கிலத்திலும் பேச்சு தமிழிலும் இருக்கும் நம் கல்லூரிகளில் இது ரொம்பச் சாதாரணம். ஒரே ஒரு தாளில், குழு முழுவதும் பயன்படுத்தப்போகும் எண்களையும் சொற்களையும் எழுதி நான்கு பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

வணக்கமும் அறிமுகமும் ஒரே இடத்தில், முதல் ஸ்லைடில், முதல் ஆளிடம் மட்டும். அவரும் நான்கு பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர வேண்டும். இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம் என்று மாணவர்கள் தயங்குவார்கள். வழிகாட்டிக்கு நன்றியைக் கடைசி ஸ்லைடுக்கு மாற்றி, ஒதுக்கி வைத்த அரை நிமிடத்துக்குள் நிதானமாகச் சொன்னால் அந்தத் தயக்கம் தீரும்.

பவர்பாயின்ட்டில் ஒத்திகை பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். Slide Show பகுதியில் Rehearse Timings என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு ஸ்லைடும் எவ்வளவு நேரம் நின்றது என்று அது குறித்துக்கொள்ளும். யார் எந்த ஸ்லைடில் இழுக்கிறார் என்று பார்க்க நல்ல வழி. ஆனால் முடிவில் அந்த நேரங்களைச் சேமிக்கவா என்று கேட்கும்போது ஆமாம் என்று தட்டிவிட்டால், அடுத்தமுறை ஸ்லைடுகள் அந்தக் கணக்குப்படி தாமாகவே நகரத் தொடங்கும். மூன்றாம் ஆள் அழுத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் உவர்நீர் வந்து நிற்கும். நேரங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சேமித்திருந்தால், அதே பகுதியில் Use Timings என்ற கட்டத்திலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

முழு ஓட்டம் இருமுறை 11:30க்குப் பக்கத்தில் வந்து முடிந்தால், நேரம் நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். ஒருமுறை 10 நிமிடமும் மறுமுறை 13 நிமிடமும் வந்தால் சராசரி சரியாக இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். யாரோ ஒருவர் தன் பகுதியை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறார் என்று அர்த்தம். குறித்து வைத்த தாளைப் பார்த்தால் யார் என்று தெரியும். அவரைத் தனியே உட்கார வைத்து, தன் பகுதியில் எந்த மூன்று விஷயங்களைச் சொல்லப்போகிறார் என்று எழுதச் சொன்னால் சரியாகிவிடும்.

கடைசி ஒத்திகையை வேண்டுமென்றே கெடுத்துச் செய்ய வேண்டும். நடுவர்கள் முந்தைய குழுக்களால் தாமதமாகி, "உங்களுக்கு எட்டு நிமிடம்தான்" என்று சொல்வது அடிக்கடி நடக்கும். அப்படிச் சொன்னதாக வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். நால்வரும் பென்சில் கட்டத்தை விட்டாலும் எட்டுக்குள் வராது. எனவே எந்த ஸ்லைடுகள் போகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் பவர்பாயின்ட் நேரே அந்த ஸ்லைடுக்குப் போகும். அதனால் ஸ்லைடு எண்களின் பட்டியல் லேப்டாப் பக்கத்தில் இருக்கட்டும். எதை விட்டாலும் மூன்று இணைப்பு வாக்கியங்களையும் நான்காம் ஆளின் பகுதியையும் தொடக் கூடாது.

இன்னொரு முறை, ஒருவரை ஒத்திகைக்கு வராதவராக வையுங்கள். காய்ச்சலோ, பஸ் தவறியதோ, அன்று காலை யாருக்கும் வரலாம். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் பேசுபவரின் பகுதியை முக்கால் நிமிடத்தில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். மூன்றாம் ஆள் வராவிட்டால் இரண்டாம் ஆள் வழக்கமான கேள்வியில் நிறுத்துகிறார். நான்காம் ஆள் எழுந்து அழுத்தத்தைச் சுருக்கிச் சொல்லிவிட்டு, உவர்நீர் எங்கே போகிறது என்ற கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்கிறார். முதல் ஆள் வராவிட்டால் இரண்டாம் ஆள் அறிமுகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்வார். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதால், அவர் பகுதியை மட்டும் முதல் ஆள் படித்து வைத்திருக்க வேண்டும். தொடங்கிக் கொடுத்த பின் அவர் ஓய்வாகத்தான் இருப்பார்.

கேள்வி நேரத்திலும் மைக் கைமாறும். ஒரு கேள்வி வந்ததும் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவதும் சகஜம். கேள்வியை வாங்குபவர் ஒருவராகவே இருக்கட்டும். அவர் கேள்வியை ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, பதில் சொல்பவரின் பெயரைச் சொல்லி மைக்கை நீட்டினால், அந்த ஒரு வரி பேசும் நேரத்தில் பதில் சொல்பவர் யோசித்துக்கொள்வார். மீனவர்களின் புகார், மின்செலவு பற்றிய கேள்விகள் நான்காம் ஆளுக்கு, அழுத்தம் மூன்றாம் ஆளுக்கு, கடல்நீர் எடுக்கும் இடம் இரண்டாம் ஆளுக்கு, சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாடு முதல் ஆளுக்கு என்று முன்பே பிரித்துவிடுங்கள். யாருடைய பகுதியிலும் அடங்காத கேள்வி வந்தால் அதைக் கேள்வி வாங்கியவரே எடுத்துக்கொண்டு, தெரிந்தவரை சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி முடிக்க வேண்டும். ஒத்திகையில் வேறு குழு நண்பர் ஒருவரைக் கூட்டிவந்து, எதிர்பாராத வரிசையில் ஆறேழு கேள்விகள் கேட்கச் சொன்னால் இது பழகிவிடும்.